அடுத்த வரிக்கு ஓடிய கேள்விக்குறி

பாரிஸ்வாசி:
எங்கள் அலுவலகத்திலிருந்து போன ஒரு மின்னஞ்சலை வாடிக்கையாளர் கைபேசியில் படம் எடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார். `Pouvez-vous confirmer la date` என்று ஒரு வரி முடிகிறது, `?` மட்டும் அடுத்த வரியில் அனாதையாக நிற்கிறது. எழுதியவர் பிரெஞ்சு வழக்கப்படி கேள்விக்குறிக்கு முன்னால் இடைவெளி விட்டிருந்தார். ஆனால் சாதாரண ஸ்பேஸ். கணினியில் வரி அகலமாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. உங்களுக்கு இப்படி நேர்ந்ததுண்டா?

வசந்தி, மொழிபெயர்ப்பு:
அடிக்கடி பார்ப்பதுதான். அங்கே வேண்டியது வரி உடையவிடாத இடைவெளி. விண்டோஸில் Alt-ஐ அழுத்திக்கொண்டு எண்பலகையில் 0160, மேக்கில் Option + ஸ்பேஸ். வேர்டில் மொழியைப் பிரெஞ்சுக்கு மாற்றினால் அதுவே போட்டுவிடும். அதனால் வேர்டில் பழகியவர்கள் உலாவியில் மின்னஞ்சல் எழுதும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள். எது எந்த இடைவெளி என்று பார்க்க வேர்டில் ¶ பொத்தானை அழுத்துங்கள்: சாதாரணம் என்றால் புள்ளி, உடையாதது என்றால் குட்டி வட்டம். அச்சில் ? ! ; முன்னால் இன்னும் மெல்லிய ஒன்று, U+202F, போடுவார்கள். மின்னஞ்சலில் நான் அதைத் தொடுவதில்லை. சில எழுத்துருக்களில் அது கட்டமாகத் தெரியும்.

குமார்:
இவ்வளவு குழப்பம் எதற்கு? இரண்டு துண்டாக உள்ள குறி என்றால் முன்னாலும் பின்னாலும் இடைவெளி, ஒற்றைத் துண்டு என்றால் பின்னால் மட்டும். பிரெஞ்சு எங்கே எழுதினாலும் இதுதான்.

மொன்றியல் அக்கா:
இங்க அப்படி இல்லைத் தம்பி. கியூபெக்கில் ? ! ; முன்னால் இடைவெளி விடுவதில்லை. `:` முன்னாலும் « » உள்ளேயும் மட்டும் விடுவோம். எங்கள் அலுவலகத்தில் பாரிஸிலிருந்து வந்தவர் ஒவ்வொரு கடிதத்திலும் இடைவெளி சேர்ப்பார், திருத்துகிறவர் எடுப்பார். கடைசியில், கடிதம் எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டு வழக்கம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

சர்வர் செல்வம்:
எனக்கு நேர்ந்தது தலைகீழ். பிரான்ஸ் சகா ஒருவர் மின்னஞ்சலில் அனுப்பிய கட்டளையை ஒட்டினேன்.

```
ls | grep log
```

கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் `command not found`. பிரெஞ்சு மேக்கில் `|` போட Option + Shift + L. அவர் Option-ஐ விடுவதற்குள் ஸ்பேஸைத் தட்டியிருக்கிறார், உடையாத இடைவெளி உள்ளே புகுந்துவிட்டது. அதை அழித்துவிட்டுத் திரும்பத் தட்டியதும் ஓடியது.

பாரிஸ்வாசி:
கேட்டது கேள்விக்குறி, வந்தது சர்வர் கதை! சரி, மேற்கோள் குறிக்கு என்ன செய்கிறீர்கள்? விண்டோஸின் வழக்கமான பிரெஞ்சு விசைப்பலகையில் « » கிடையாது.

வசந்தி, மொழிபெயர்ப்பு:
Alt 0171, Alt 0187. உள்பக்கம் இரண்டு ஓரத்திலும் 0160. ஒப்பந்தம், விண்ணப்பம் என்றால் கட்டாயம் இப்படித்தான்.

குமார்:
பிரெஞ்சுக்காரர்களே மின்னஞ்சலில் `"` தான் தட்டுகிறார்கள், உள்ளே இடைவெளியும் இல்லாமல். நான் மட்டும் ஏன் பதினாறு எண் தட்ட வேண்டும்?

வசந்தி, மொழிபெயர்ப்பு:
நண்பருக்கு என்றால் தட்ட வேண்டாம். வேலை கேட்டு எழுதினால் தட்டுங்கள்.