ரிமோட்டின் மைக்கில் தமிழில் தேட முடியவில்லை. மெனுவைத் தமிழுக்கு மாற்றியபின் மைக்கே பதில் சொல்லவில்லை

கேட்டவர் (திருமங்கலம்):
வணக்கம். என் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. எழுத்துகளை ஒவ்வொன்றாக நகர்த்தித் தேர்ந்தெடுக்கும் பொறுமையும் பார்வையும் அவருக்கு இல்லை என்பதால், பேசித் தேடலாம் என்று எண்ணித்தான் மைக் பொத்தான் உள்ள கூகுள் டிவி ஒன்றை வாங்கினோம். அவர் "அழகர் வர்ணிப்பு" என்று மூன்று முறை தெளிவாகச் சொன்னார். திரையில் "alagar one if you" என்று ஆங்கில எழுத்தில் வந்து, சம்பந்தமே இல்லாத ஆங்கிலக் காணொளிகள் வரிசையாக நின்றன. பெட்டியின் மேல் தமிழ் உட்படப் பல மொழிகள் அச்சிடப்பட்டிருந்தன என்பதால், Settings > System > Language என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தேன். மெனு முழுவதும் அழகாகத் தமிழில் மாறிவிட்டது. ஆனால் இப்போது மைக்கை அழுத்தினால், இந்த மொழியில் உதவியாளர் கிடைக்காது என்ற பொருளில் ஓர் அறிவிப்பு மட்டுமே வருகிறது. நான் எதையேனும் தவறாகச் செய்தேனா? சித்திரைத் திருவிழாவுக்கு முன் இதைச் சரிசெய்து கொடுக்க விரும்புகிறேன்.

மேலூர்க்காரர்:
அண்ணே, மொழியைத் தமிழாக மாற்றியது சரியான வழிதான். மாற்றியபின் டிவியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு மென்பொருளைப் புதுப்பித்தால் மைக்கும் தமிழுக்கு வந்துவிடும். என் கைப்பேசியில் நான் தமிழில்தான் பேசித் தேடுகிறேன், ஒரு சொல்லும் பிசகுவதில்லை. அதே நிறுவனத்தின் மென்பொருள்தானே டிவியிலும் இருக்கிறது?

உசிலம்பட்டி வாசகி:
எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான் இருந்தது. ஒலி கூட்டும் பொத்தானும் அணைக்கும் பொத்தானும் நன்றாக வேலை செய்தன, மைக் மட்டும் செத்துக் கிடந்தது. மற்றப் பொத்தான்கள் அகச்சிவப்புக் கதிரில் இயங்குகின்றன, மைக் மட்டும் புளூடூத்தில் இயங்குகிறது என்று கடைக்காரர் விளக்கினார். Settings > Remotes & Accessories என்ற இடத்தில் ரிமோட்டை மறுபடி இணைத்ததும் சரியாயிற்று. நீங்களும் அதையே செய்து பாருங்கள்.

தொலைக்காட்சி பழுதுபார்ப்பவர் (சிம்மக்கல்):
உசிலம்பட்டி அம்மா சொன்ன புளூடூத் விவரம் உண்மையானது, ஆனால் இந்த வீட்டின் பழுது அதுவன்று. அம்மா பேசியதற்கு ஏதோ ஒரு சொல் திரையில் வந்திருக்கிறது. ஆகவே குரல் ரிமோட்டிலிருந்து டிவிக்கும், அங்கிருந்து இணையத்துக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அழுத்தியும் திரையில் எதுவுமே வராவிட்டால்தான் இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

பழுதுபார்க்கப் போகிற இடங்களில் நான் முதலில் திரையில் வந்த எழுத்தைத்தான் பார்ப்பேன். தமிழ்ச் சொல்லைச் சொன்னபோது ஆங்கில எழுத்தில் உளறலாக வந்தால், கேட்கும் இயந்திரம் ஆங்கிலத்தை எதிர்பார்த்துக் காதைத் திறந்து வைத்திருக்கிறது என்று பொருள். தமிழ் எழுத்திலேயே சரியாக வந்தும் வேண்டிய காணொளி கிடைக்காவிட்டால், தேடலில்தான் குறை. உங்கள் வீட்டில் நடந்தது முதலாவது. "வர்ணிப்பு" என்ற சொல் ஆங்கில அகராதிக்குள் இல்லாததால், அதன் ஓசைக்கு அருகே உள்ள ஆங்கிலச் சொற்களை அது கோத்துக் கொடுத்துவிட்டது. பெரிய படங்களின் பெயரைச் சொன்னால் ஓரளவு தப்பிப்பதற்குக் காரணம், அந்தப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஏற்கெனவே பரவலாக வழங்குவதுதான்.

மெனுவின் மொழியும் காதின் மொழியும் ஒன்றல்ல. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தது மெனுவின் மொழிகளாக இருக்கும். குரலைப் புரிந்துகொள்ளும் உதவியாளருக்குத் தனியாக ஒரு மொழிப் பட்டியல் உண்டு, அது எப்போதும் குறுகியது. இந்தியாவில் விற்கும் டிவிகளில் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே இருக்கின்றன. அலெக்சாவும் நம் நாட்டில் ஆங்கிலத்தில் தொடங்கி, 2019இல் இந்தியைச் சேர்த்துக்கொண்டது. தமிழில் பேசிக் கட்டளையிட அதில் வழியில்லை. டிவியின் மொழியையே உதவியாளரும் பின்பற்றுவதால், நீங்கள் தமிழுக்கு மாற்றியதும் அது தன் பட்டியலில் இல்லாத மொழிக்குப் போய், பேச்சை நிறுத்திவிட்டது.

மேலூர்த் தம்பி கேட்ட கேள்வி நியாயமானது. கைப்பேசியில் கூகுள் குரல் தட்டச்சு 2017இலேயே தமிழைச் சேர்த்துவிட்டது. ஆனால் குரலை எழுத்தாக்குவது ஒரு வேலை, "ஒலியைக் குறை", "யூடியூபைத் திற" என்ற கட்டளையின் பொருளை உணர்ந்து செய்வது இன்னொரு வேலை. முன்னது தமிழில் நன்றாக நடக்கிறது. பின்னதை டிவிக்காகத் தனியே ஒவ்வொரு மொழியிலும் அமைக்க வேண்டும். புதுப்பிப்பு ஒருநாள் அதைக் கொண்டுவரலாம். அணைத்துப் போடுவதால் மட்டும் வந்துவிடாது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. முதலில் மொழியை மறுபடி English (India) ஆக்குங்கள், மைக் உயிர்பெறும். அம்மாவின் கைப்பேசியில் Gboard விசைப்பலகையின் அமைப்புகளுக்குள் போய், Voice typing என்பதில் Languages பகுதியில் தமிழ் (இந்தியா) என்பதைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசியும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்கட்டும். கைப்பேசியின் யூடியூபில் திரையைப் பகிரும் குறியைத் தொட்டு டிவியைத் தேர்ந்தெடுத்தபின், தேடல் பெட்டியைத் தொட்டு, விசைப்பலகையில் உள்ள மைக்கைத் தொட்டுப் பேசச் சொல்லுங்கள். யூடியூபின் தேடல் பெட்டியிலேயே இன்னொரு மைக் இருக்கும். அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், அதன் மொழி வேறிடத்தில் அமைக்கப்படுவது.

கேட்டவர் (திருமங்கலம்):
ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஆங்கிலத்துக்கு மாற்றியதும் ரிமோட்டின் மைக் பேசத் தொடங்கிவிட்டது. கைப்பேசியில் அம்மா சொன்னவுடன் "அழகர் வர்ணிப்பு" என்று ழகரம் உட்பட அப்படியே தமிழில் எழுந்தது. தொட்டதும் டிவியில் பாடல் ஓடியது. ஆனால் ஒரு குறை இருக்கிறது. கைப்பேசியில் யூடியூபைத் திறந்து, பகிர்ந்து, பெட்டியைத் தொட்டு என்று நான்கு படி அவர் நினைவில் நிற்பதில்லை. மேலும் "தேனூர் மண்டகப்படி" என்று சொன்னபோது ஒருமுறை "தேனூர் மண்டபப்படி" என்று வந்தது.

தொலைக்காட்சி பழுதுபார்ப்பவர் (சிம்மக்கல்):
ஊர்ப்பெயர், விழாச் சொற்களில் அப்படித் தவறு வரும். வந்த சொல்லை மட்டும் தொட்டுத் திருத்திக்கொள்ளுங்கள், மறுபடி முழுவதும் சொல்ல வேண்டியதில்லை. அம்மா அடிக்கடி கேட்கிற பாடல்களை நீங்கள் ஒருமுறை தேடி, டிவியில் அவர் பயன்படுத்தும் அதே கணக்கில் ஒரு தொகுப்பாகச் சேர்த்து வையுங்கள். யூடியூபைத் திறக்க ரிமோட்டின் மைக்கில் "ஓப்பன் யூடியூப்" என்று சொல்வது மட்டும் அவருக்குப் போதும். அந்த இரண்டு சொல்லையும் ஆங்கிலத்தில் சொல்ல அவருக்குப் பழக்கம் இருக்கும். தொகுப்பை அம்புப் பொத்தானால் எடுத்துவிடலாம்.

மேலூர்க்காரர்:
நான் தவறாகச் சொல்லியிருக்கிறேன், மன்னியுங்கள் அண்ணே. ஆனாலும் ஒன்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் மாமா வீட்டு டிவியில் மெனு தமிழில்தான் இருக்கிறது; மைக்கில் பேசினால் தமிழ் எழுத்தே வருகிறது, காணொளியும் வருகிறது. ஒலியைக் குறைக்கச் சொன்னால் மட்டும் அந்தச் சொற்களையே தேடிக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

தொலைக்காட்சி பழுதுபார்ப்பவர் (சிம்மக்கல்):
கட்டளையைத் தேடலாக எடுத்துக்கொள்கிறது என்றால், அங்கே உதவியாளர் இல்லாமல் வெறும் குரல் தேடல்தான் வேலை செய்கிறது என்று படுகிறது. எந்த மாதிரி, எந்தப் பதிப்பு என்று அமைப்புகளில் About பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள் தம்பி. திருமங்கலத்து அம்மாவின் டிவியில் ஏன் அப்படி நடக்கவில்லை என்பதை நானும் அறிய விரும்புகிறேன்.