ஏழு மாதக் குழந்தைக்கு மலம் இறுகிப்போகிறது: உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?

கோவை அம்மா
மகளுக்கு ஏழு மாதம். தாய்ப்பால் மட்டும் குடித்தவரை மஞ்சளாக, தளர்வாகப் போய்க்கொண்டிருந்தாள். திட உணவு தொடங்கிய பிறகு ஆட்டுப் புழுக்கை போல உருண்டை உருண்டையாக வருகிறது. காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் பருப்புச் சாதம், மாலையில் நேந்திரங்காய்ப் பொடிக் கஞ்சி. எல்லாமே கெட்டியாகத்தான் கொடுக்கிறேன்; கரண்டியிலிருந்து விழாது. நேற்று உருண்டையின் மேல் இழைபோல ரத்தம் ஒட்டியிருந்தது. வரும் நேரத்தில் கால்களை விறைத்து, முகம் சிவந்து, பாதியிலேயே அடக்கிக்கொள்கிறாள். மாமியார் வெற்றிலைக் காம்போடு நிற்கிறார். இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரோட்டுப் பாட்டி
காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு ஆசனவாயில் வைத்தால் உடனே போய்விடும் கண்ணு. என் பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் செய்தேன். கூழை நீர்க்கக் காய்ச்சி நெய் விடு. வெந்நீரில் ஒரு சொட்டுத் தேனும் கலந்து கொடு.

புது அப்பா
என் மகனுக்கும் இதே பிரச்சினைதான். இரண்டு மாதம், தாய்ப்பால் மட்டுமே. ஐந்து நாளாக மலம் இல்லை. உலர்திராட்சை ஊறிய நீர் கொடுக்கலாமா?

குழந்தைகள் வார்டு செவிலி
தம்பி, உங்களுடையது வேறு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாள் போகாமல் இருப்பது சகஜம். நன்றாகக் குடித்து, சிறுநீர் போய், எடை ஏறி, பிறகு வருவது மென்மையாக இருந்தால் அது மலச்சிக்கல் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் எந்த நீரும் வேண்டாம். ஆனால் பிறந்து இரண்டு நாளுக்குள் முதல் கருப்பு மலம் போனதா என்பதை நினைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கோவை அம்மா, உங்கள் மகளுக்கு மலம் காய்ந்து பெரிதாகி, வெளிவரும்போது ஆசனவாயின் ஓரத்தைக் கீறியிருக்கிறது. அந்த வலிக்குப் பயந்துதான் அடக்குகிறாள். அடக்கினால் உள்ளேயே இன்னும் நீர் உறிஞ்சப்பட்டு இறுகும். காம்பு வைத்தால் தூண்டப்பட்டுப் போவது உண்மைதான். ஆனால் குடலில் மேலே இருக்கும் இறுகிய மலம் இளகாது, ஏற்கெனவே இருக்கும் கீறலில் காம்பும் உரசும். காம்புக்குப் பதிலாகச் சோப்புத் துண்டு வைப்பது இன்னும் மோசம், உட்தோலை எரிக்கும். விளக்கெண்ணெயை வாய்வழியாகவும் கொடுக்காதீர்கள்.

பாட்டியம்மா சொன்னதில் கூழை நீர்க்கக் காய்ச்சுவது சரி. தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். அந்த நோயின் முதல் அறிகுறியே பல நேரம் மலச்சிக்கல்தான்.

நேந்திரங்காய்க் கஞ்சியை இப்போதைக்கு நிறுத்துங்கள். அந்த வேளைக்குப் பேரிக்காயைத் தோல் சீவி, ஆவியில் வேகவைத்து, மசித்து இரண்டு மூன்று தேக்கரண்டியில் தொடங்குங்கள். அதிலிருக்கும் ஒருவகைச் சர்க்கரை முழுதாகச் செரிக்காமல் குடலுக்கு நீரை இழுக்கும். பழுத்த பப்பாளியும் நல்லது. ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் காய்ச்சி ஆறிய நீரைச் சிறு கிண்ணத்தில் சில மிடறு கொடுங்கள். நாள் முழுவதும் சேர்த்து 60 முதல் 120 மில்லி போதும். அதற்கு மேல் நீரால் வயிற்றை நிரப்பினால் பால் குறையும். தாய்ப்பாலைக் குறைக்காதீர்கள்.

பால்பொடி அம்மா
எங்கள் வீட்டில் காரணம் கரண்டி! பால்பொடியைத் தட்டிச் சமப்படுத்தாமல் குவியலாகப் போட்டுக் கலந்திருக்கிறார் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர். டப்பாவில் அச்சிட்டிருக்கிறபடி நீர் அளந்து, கரண்டியை மட்டமாக வழித்துப் போட ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது. இரும்புச்சத்துச் சொட்டு மருந்தும் இறுக்கும் என்கிறார்கள். நான் நிறுத்திவிட்டேன். தவறா அக்கா?

குழந்தைகள் வார்டு செவிலி
நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த மருந்தில் மலம் கருத்துப் போவது வழக்கம். சில குழந்தைகளுக்கு இறுகவும் செய்கிறது, பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டுமா என்பதை எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள்.

ஈரோட்டுப் பாட்டி
தேனை விட்டுவிடுகிறேன். காம்பை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கோவை அம்மா
பேரிக்காயும் நீரும் தொடங்கிவிட்டேன். முதலில் கெட்டியான ஓர் அடைப்பு வந்தது. அதன் பின்னாலேயே பசைபோலக் கொஞ்சம் வந்தது. படுக்கவைத்து, கால்களை மிதிவண்டி ஓட்டுவதுபோல மடக்கி நீட்டிவிட்டேன். ரத்தம் இல்லை. ஆனால் வரும்போது இன்னும் விறைக்கிறாள். கேழ்வரகை முழுவதுமாக நிறுத்திவிடவா?

குழந்தைகள் வார்டு செவிலி
வேண்டாம், நீர்க்கக் கொடுத்துப் பாருங்கள். மலம் இளகிய பிறகும் பயம் போகச் சில நாள் ஆகும். ஒரு வாரத்தில் தளரவில்லை என்றாலோ ரத்தம் மீண்டும் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வயதுக்கு ஏற்ற இளக்கி மருந்தை அவர் எடைபார்த்துத் தருவார். வயிறு உப்பி இறுகினால், பச்சையாக வாந்தி எடுத்தால், பால் குடிக்க மறுத்தால் ஒரு வாரமெல்லாம் காத்திருக்காமல் அன்றே கூட்டிச் செல்லுங்கள்.

புது அப்பா
முதல் கருப்பு மலம் மூன்றாம் நாள்தான் போனது என்று மனைவி சொல்கிறாள். காலையில் கிளம்புகிறோம்.