பார்த்த படத்தையே பார்ப்பது சோம்பலா?

விசில்சத்தம்: பார்த்த படத்தையே திரும்பத் திரும்பப் பார்ப்பவர்களுக்கு மூளைச் சோம்பல். முடிவு தெரிந்த கதையில் என்ன நிம்மதி வேண்டிக் கிடக்கிறது?

கடைசிவரிசை: நிம்மதியே முடிவு தெரிவதில்தான் இருக்கிறது ஐயா. நாள் முழுக்க அடுத்து என்ன வருமோ என்று பதறிய மனசுக்கு, அடுத்தது தெரிந்த இரண்டரை மணி நேரம் கிடைக்கிறது.

பழையரீல்: அப்படியானால் புதுப் படத்தின் முழுக்கதையையும் படித்துவிட்டுப் போய் உட்காருங்கள். அதே நிம்மதி வருகிறதா பார்ப்போம்.

கடைசிவரிசை: வருமே! 2011இல் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் சிறுகதைகளின் முடிவை முன்பே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தார்கள். ரசனை குறையவில்லை, கூடியது. முடிவு தெரிவதுதான் காரணம்.

பழையரீல்: அவர்கள் கேட்டது கதை பிடித்ததா என்று, மனசு ஆறியதா என்று இல்லை. டெரிக் என்ற உளவியல் ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். முதலில் சிலருக்குக் கவனத்தைப் பிழிந்தெடுக்கும் எழுத்து வேலை, மற்றவர்களுக்குச் சுலபமான வேலை. அப்புறம் பாதிப் பேர் தங்களுக்குப் பிடித்த தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பற்றி எழுதினார்கள், மீதிப் பேர் அறையில் உள்ள பொருட்களைப் பட்டியல் போட்டார்கள். களைத்தவர்கள் நிகழ்ச்சியைப் பற்றி அதிகம் எழுதினார்கள், தெம்பும் திரும்பியது. யாரும் எந்த முடிவையும் பார்க்கவில்லை! பழகிய ஆட்களோடு கொஞ்ச நேரம் இருந்தார்கள், அவ்வளவுதான். கதையில் வருகிற அந்த ஆட்கள் நம்மிடம் எதையும் திருப்பிக் கேட்பதில்லை.

நிலாமுற்றம்: வேலை நெருக்கடி நாட்களில் ஒரு பழைய நகைச்சுவைப் படத்தை ஓடவிட்டுப் படுப்பேன். பாதியிலேயே தூங்கிவிடுவேன். முடிவைப் பார்த்தே வருஷக்கணக்காகிறது.

பழையரீல்: கேட்டீர்களா கடைசிவரிசை? முடிவே இல்லை, நிம்மதி இருக்கிறது.

கடைசிவரிசை: முடிவு தெரிந்ததால்தானே அக்காவுக்குத் தூக்கம் வருகிறது! புதுப் படமென்றால் கொட்டக் கொட்ட விழித்திருப்பார்.

விசில்சத்தம்: பழையரீல் சார் ஒன்றை மறைக்கிறார். மனக்கட்டுப்பாடு தீர்ந்துபோகும் என்ற கொள்கையை 2016இல் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் சோதித்துப் பார்த்தன. தேறவில்லை. உங்கள் டெரிக் நிற்பது அதன் மேல்தான்.

பழையரீல்: மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. தெம்பு திரும்பியதைச் சந்தேகியுங்கள், சரி. புதுப் படத்தில் யார் யார், எதை நம்புவது என்று மூளை கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. பழகிய படத்தில் அந்த வேலை மிச்சம். இதற்கும் முடிவுக்கும் சம்பந்தமில்லை. கடைசியில் எல்லோரும் சாகிற படத்தையும் ஜனங்கள் திரும்பப் பார்க்கிறார்களே!

கடைசிவரிசை: சாவார்கள் என்று தெரிகிறதல்லவா? அதிர்ச்சி இல்லை. நான் அந்த இடத்தை ஓட்டிவிட்டுப் பார்ப்பேன்.

பழையரீல்: ஓட்டிவிட்டுப் பார்ப்பவரோடா இவ்வளவு நேரம் பேசினேன்?

நிலாமுற்றம்: ஓட்டினால் என்ன தப்பு? நானும் சண்டைக் காட்சிகளை ஓட்டுவேன்.

பழையரீல்: படம் எடுத்தவன் பாவம்.

கடைசிவரிசை: போன மாசம் பின்னணி இசை விவாதத்திலும் இதே மேதாவித்தனம்தான். பதில் சொல்ல முடியாதபோது ரசனையைப் பிடித்துக்கொள்வார்.

பழையரீல்: அந்த விவாதத்தில் பாதியில் ஓடியது யார் என்று பழைய பதிவுகளைத் தோண்டிப் பாருங்கள்.