ஃப்ரிஸ்கோ பக்கம் பகலில் வீட்டில் இருக்கும் தோழிகள் யாராவது உண்டா?

வணக்கம் அக்காக்களே. கல்யாணமாகித் தேனியிலிருந்து டெக்சஸ் ஃப்ரிஸ்கோவுக்கு வந்திருக்கிறேன். எச்-4 விசா. கணவரின் கிரீன் கார்டு வேலையில் ஐ-140 மனு ஏற்கப்பட்டால்தான் வேலை அனுமதிக்கு நான் விண்ணப்பிக்கவே முடியும். அவர் அலுவலகத்தில் அதை இன்னும் தொடங்கவில்லை.

காலையில் அவர் காரை எடுத்துக்கொண்டு போனால் இருட்டும்போதுதான் வருவார். அடுக்ககத்துக்குப் பக்கத்தில் பேருந்து கிடையாது. தெருவில் நடந்தாலும் கார்கள்தான், ஆள் இல்லை. மதியம் சாப்பிட்டு முடித்து அம்மாவிடம் பேசலாம் என்றால் ஊரில் நள்ளிரவு. அவர் நல்லவர்தான், ஆனால் களைத்து வருகிறவரிடம் ஒரு நாள் முழுக்கச் சேர்ந்த பேச்சைக் கொட்ட மனம் வரவில்லை. சில நாள் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது.

சம்பளம் வாங்காமல் கோயிலிலோ உணவு வங்கியிலோ தொண்டு செய்ய இந்த விசாவில் தடையில்லை என்று படித்தேன். வார நாள் காலையில் அப்படிப் போகிறவர்கள் இருந்தால் என்னையும் ஏற்றிக்கொள்வீர்களா? பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொள்கிறேன். அப்புறம், கார் ஓட்டக் கற்றுத்தரும் பெண் பயிற்சியாளர் யாரையாவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.