வலது கையில் வாட்ச், தலைகீழாக வந்த ஈசிஜி: இடக்கைக்காரர்களின் அனுபவங்கள்

தென்றல்77

அப்பா இடக்கைக்காரர். வாட்ச் எப்போதும் வலது மணிக்கட்டில்தான். ஆப்பிள் வாட்ச் வாங்கிய அன்றே தம்பி உட்கார்ந்து, பக்கவாட்டில் உருட்டும் குமிழான கிரவுனை இடது பக்கத்துக்குத் திருப்பி, ஸ்ட்ராப்பையும் மாற்றிப் போட்டுக் கொடுத்துவிட்டான். திரை நேராகத் தெரிந்தது, கிரவுன் விரலுக்கு எட்டியது. அதற்கு மேல் யாரும் எதையும் பார்க்கவில்லை.

போன வாரம் செக்கப். படபடப்பு வந்தபோதெல்லாம் அப்பா வாட்சில் எடுத்து வைத்த ஈசிஜிகளை போனிலிருந்து பிடிஎஃப் ஆக்கி, பிரிண்ட் போட்டுக் கொண்டு போனோம். டாக்டர் முதல் தாளைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஒவ்வொரு துடிப்புக்கும் மேலே எழும்ப வேண்டிய கூர்முனை எல்லாத் தாளிலும் கீழே குத்திக்கொண்டு இருந்தது. மேலே மட்டும் Sinus Rhythm என்று சாதாரணமாகப் போட்டிருந்தது.

"வாட்ச எந்தக் கையில கட்டுறீங்க? அதுல எந்தக் கைன்னு போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். அங்கேயே படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்து `Settings > General > Orientation` திறந்தால், கிரவுன் இடது என்று இருக்கிறது. மேலே Wrist என்ற இடத்திலும் Left என்றே இருக்கிறது. அப்பா கட்டுவது வலது கையில்.

திரை இத்தனை மாதம் நேராகத்தானே தெரிந்தது? அப்புறம் எப்படி இப்படி ஆகும்? அந்த மனிதர் தாளைத் திருப்பிய நிமிஷம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

சக்கரம்

நானும் இடக்கைதான். திரை நேராகத் தெரிந்தால் எல்லாம் சரி என்றுதான் அர்த்தம். Wrist என்பது கையைத் தூக்கும்போது திரை எரிவதற்காக மட்டும் உள்ளது. அதற்கும் ஈசிஜிக்கும் சம்பந்தம் இருக்க வழியில்லை. அப்பா வாட்சைத் தளர்வாகக் கட்டியிருப்பார், அல்லது விரல் ஈரமாக இருந்திருக்கும்.

என் கதை வேறு. நான் திருப்பிய நாளிலிருந்து ஒரு குழப்பம். வலது கையில் கட்டி, கிரவுனை இடது பக்கம் வைத்தால், வலக்கைக்காரர்களுக்கு இருப்பது அப்படியே கண்ணாடியில் தெரிகிற மாதிரி எனக்கும் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஆள்காட்டி விரல் கிரவுன் என்று நினைத்துத் தொடுகிற இடத்தில் பக்கவாட்டு பட்டன் இருக்கிறது. ஒரு முக்கியமான போன் பேசிக்கொண்டே ஒலியைக் கூட்டப் போய், பட்டனை அழுத்திப் பிடித்துவிட்டேன். அவசர அழைப்புத் திரை வந்து நின்றது. நல்லவேளை, அழைப்பு போகும் முன் விரலை எடுத்துவிட்டேன். இப்போதும் அந்தப் பட்டனைத் தொட்டாலே பதறுகிறது.

நாடித்துடிப்பு

ஈசிஜி எடுப்பது என் தினசரி வேலை. சக்கரம் சொன்னதில் பாதி சரி. தளர்வாகக் கட்டினாலோ ஈரமாக இருந்தாலோ கோடு நடுங்கும், இரைச்சலாக வரும், சில நேரம் பதிவே முடிவுக்கு வராது. ஆனால் சுத்தமான கோடாக, எல்லாத் துடிப்பும் ஒரே மாதிரி கவிழ்ந்து வராது. தென்றல் சொல்வது கவிழ்ந்த கோடு.

அந்த இரண்டு செட்டிங்கும் தனித்தனி வேலை செய்கின்றன. கிரவுன் எந்தப் பக்கம் என்பதுதான் திரையைத் திருப்புகிறது. எந்த மணிக்கட்டு என்பது திரையைத் தொடுவதே இல்லை. அதனால்தான் தம்பி முதலாவதை மட்டும் மாற்றியபோது எல்லாம் சரியாகிவிட்டதாகத் தெரிந்தது.

ஈசிஜிக்கு வாட்சின் அடிப்பக்கம் ஒரு முனை, கிரவுன் இன்னொரு முனை. வாட்சை இடது கையில் கட்டினால் அடிப்பக்கம் இடது கையைத் தொடும், கிரவுனை வலது விரல் தொடும். வாட்ச் பதிவு செய்வது லீட் ஒன்று. இடது கைக்கும் வலது கைக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு. வலது கையில் கட்டிய உடனே இரண்டு முனையும் கை மாறிவிடுகின்றன. அதை வாட்ச் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. நீங்கள் Left என்று போட்டிருந்தால் அதை நம்பி அப்படியே கழிக்கும். கூட்டல் குறி கழித்தலாகி, கோடு முழுவதும் கவிழ்ந்துவிடும். மருத்துவமனையில் இரண்டு கை வயர்களையும் தவறிப்போய் மாற்றி மாட்டினாலும் லீட் ஒன்று இப்படித்தான் வரும். அந்த டாக்டர் அதைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருப்பார். இதயம் வலது பக்கம் அமைந்தவர்களுக்கும் லீட் ஒன்று கவிழ்ந்து வரும். அதனால்தான் அவர் சந்தேகத்தோடு விடாமல் கையோடு ஒரு முழு ஈசிஜியும் எடுத்திருக்கிறார். நல்ல டாக்டர்.

மேலே Sinus Rhythm என்று வந்ததும் இதற்கு முரண் இல்லை. அது துடிப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி சீராக இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. கோடு கவிழ்ந்தாலும் இடைவெளி மாறாது.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. Wrist-ஐ Right ஆக்குங்கள். கிரவுனைத் தொட வேண்டாம், அது இடதிலேயே இருக்கட்டும். அப்பா மேஜை மேல் கையை வைத்துக்கொண்டு, இடது ஆள்காட்டி விரலைக் கிரவுன் மேல் 30 நொடி வைத்து ஒரு பதிவு எடுக்கட்டும். அழுத்தத் தேவையில்லை, தொட்டாலே போதும். பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூர்முனை மேலே வந்தால் காரணம் இதுதான். செட்டிங் சரியாக இருந்தும் கீழேயே குத்தினால் நீங்களாக முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: தாளைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பதை வீட்டில் பழக்கமாக்க வேண்டாம். அப்படித் திருப்பினால் மேல் கீழ் மாறுவதோடு, நேரமும் பின்னிருந்து முன்னாக ஓடும்.

மழைக்காலம்

இதே குழப்பம் எனக்கும். இடது மணிக்கட்டு முழுக்க டாட்டூ. அதன் மேல் கட்டினால் இதயத் துடிப்பு வரவே வராது, அடிக்கடி கையில் வாட்ச் இல்லை என்று நினைத்து பூட்டிக்கொள்ளும். மை வெளிச்சத்தை மறைத்துவிடுகிறதாம். அதனால் வலது கைக்கு மாறினேன். நான் வலக்கைக்காரன்.

முன்பு வைத்திருந்த ஃபிட்பிட் பட்டையில் அதிகம் பயன்படுத்தும் கையா, இல்லையா என்று கேட்டது. அதிகம் பயன்படுத்தும் கை என்று போட்டால் காலடிகளைக் கொஞ்சம் கறாராக எண்ணும். அதற்கு முன் காய்கறி நறுக்கினாலும் காலடி கூடிக்கொண்டே போனது. எனவே தென்றல், உங்கள் அப்பாவுக்கு அந்த வலது கை அதிகம் பயன்படுத்தாத கை. அதைத்தான் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன்.

நாடித்துடிப்பு

மழைக்காலம், அது வேறு கேள்வி. உங்கள் பட்டை கேட்டது எந்தக் கை அதிகம் ஆடும் என்று. இங்கே கேட்பது வாட்ச் எந்தப் பக்கத்து மணிக்கட்டில் இருக்கிறது என்று. ஆப்பிள் வாட்ச் நீங்கள் எந்தக் கையால் எழுதுகிறீர்கள் என்று கேட்பதே இல்லை. வலக்கைக்காரரான நீங்களும் இடக்கைக்காரரான தென்றலின் அப்பாவும் இருவருமே Right என்றுதான் போட வேண்டும்.

பழைய பட்டை

திருப்பவே திருப்பாதீர்கள் என்பது என் கட்சி. நான் இடக்கை, வலது மணிக்கட்டு, கிரவுன் பிறந்தபடி வலது பக்கமே. தண்டால் எடுக்கிறவன் நான். முன்பு திருப்பி வைத்திருந்தபோது கிரவுன் புறங்கைப் பக்கம் இருந்தது. கையை ஊன்றி மணிக்கட்டை மடக்கும் ஒவ்வொரு முறையும் புறங்கை கிரவுனை அழுத்தி, பேச்சு உதவியாளர் எழுந்து "சொல்லுங்கள்" என்று நின்றது. திருப்பாமல் விட்டதும் கிரவுன் முழங்கைப் பக்கம் போய்விட்டது. அதன் பிறகு ஒரு தொல்லையும் இல்லை.

சக்கரத்துக்கும் இதுதான் பதில். மென்பொருள் செய்வது கண்ணாடிப் பிம்பம் இல்லை, அரைச் சுற்று. வலது பக்கம் மேலே இருந்த கிரவுன் இடது பக்கம் கீழே வந்து நிற்கிறது. மேலே வந்து உட்கார்வது பக்கவாட்டு பட்டன். ஆள்காட்டி விரல் மேலே போகும், அங்கே பட்டன்தான் கிடைக்கும். திருப்பியே தீருவேன் என்றால் கிரவுனைக் கட்டைவிரலால் உருட்டப் பழகுங்கள்.

அல்ட்ரா வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் எதிர்ப்பக்கத்திலும் ஒரு ஆக்‌ஷன் பட்டன் உண்டு. கிரவுன் தப்பினால் அது புறங்கைக்கு வரும். அழுத்திப் பிடித்தால் சைரன் வரை போகும். எதைப் புறங்கைப் பக்கம் விடலாம் என்று யோசித்து முடிவெடுங்கள்.

ஸ்ட்ராப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். திருப்பினால் பக்கிள் உள்ள குட்டைப் பாதி கீழே வந்துவிடும், நுனி தவறான திசையில் நீட்டிக்கொண்டு இருக்கும். ஒரே கையால் மாட்டும்போது இது பெரிய எரிச்சல். வாட்சை மென்மையான துணி மேல் கவிழ்த்து வையுங்கள். அடிப்பக்கத்தில் ஸ்ட்ராப்புக்குப் பக்கத்தில் உள்ள நீள்வட்டப் பட்டனை அழுத்திக்கொண்டே ஸ்ட்ராப்பைப் பக்கவாட்டில் தள்ளினால் நழுவி வரும். மேல் பாதியைக் கீழே, கீழ் பாதியை மேலே போடுங்கள். டிக் என்று உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகும் நகர்ந்தால் உட்பக்கம் வெளிப்பக்கம் மாறியிருக்கிறது என்று அர்த்தம், பலவந்தமாகத் தள்ளக் கூடாது. பக்கிளே இல்லாத ஒற்றை வளைய ஸ்ட்ராப்புக்கு இந்த வேலை எதுவும் இல்லை.

சக்கரம்

நாடித்துடிப்பு சொன்னதைப் படித்துவிட்டு என் வாட்சில் பார்த்தேன். Wrist சரியாகத்தான் இருக்கிறது. சரி, அந்த விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய பட்டை சொல்வதை ஏற்க முடியாது. திருப்பாமல் வலது கையில் கட்டினால் கிரவுனைத் தொட இடது கை திரையைக் கடந்து போக வேண்டும். உருட்டும் நேரம் முழுக்க உள்ளங்கை திரையை மறைக்கிறது. படிக்கத்தானே உருட்டுகிறோம்?

பழைய பட்டை

நான் கையை மேலிருந்து கொண்டு வருவேன், எனக்கு மறைப்பதில்லை. தண்டால் எடுக்காதவர்களுக்கு உங்கள் வழி சரிப்படலாம்.

தென்றல்77

நேற்று Right ஆக்கி, மேஜையில் கை வைத்து எடுத்தோம். கூர்முனை மேலே வந்துவிட்டது. கிரவுன் இடதிலேயே இருக்கிறது, திரை ஒரு துளியும் அசையவில்லை. நாடித்துடிப்புக்கு நன்றி.

பழைய பதிவுகள் போனில் கவிழ்ந்தபடியேதான் கிடக்கின்றன. அழிக்கலாமா என்று டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டோம். வேண்டாம், படபடப்பு வந்த நேரத்துப் பதிவுகள் அவை, ஒவ்வொன்றிலும் 'வலது கை, செட்டிங் இடது' என்று எழுதி ஃபைலில் வையுங்கள் என்றார். அப்பா இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார். பட்டன் விஷயத்தில் அவருக்கும் சக்கரத்தின் பிரச்சினையே, ஆனால் மறுபடி திருப்பச் சம்மதிக்கவில்லை. கட்டைவிரலால் உருட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.