கரைவலைப் படத்தின் மூலையில் வெயில் கீற்று: வெட்டுவதா, விடுவதா?

கல்லடிக் கடற்கரையில் காலை ஆறரை மணியளவில் வடகிழக்குப் பார்த்து எடுத்த கரைவலைப் படம். நிக்கான் டி5300, 18-55 லென்ஸ், 18 மி.மீ., எஃப்/8, ரா கோப்பு. சூரியன் சட்டத்துக்குச் சற்று வெளியே நின்றதால், வலது மேல் மூலையிலிருந்து வெளிறிய கீற்று ஒன்று சாய்வாக இறங்குகிறது. வெள்ளிக்கிழமை 12×18 அங்குலத்தில் பிரின்ட் போடக் கொடுக்கவேண்டும்.

லைட்ரூமில் அந்த மூலைக்கு மட்டும் Dehaze கூட்டி, Highlights குறைத்துப் பார்த்தேன். கீற்றின் நடுப்பகுதி முழு வெள்ளையாகிவிட்டதால் விவரம் திரும்பவில்லை, அழுக்குச் சாம்பல்தான் வந்தது. ஹீலிங் பிரஷ் வானத்தைச் சரிசெய்கிறது, ஆனால் அலையின் ஓரத்தைக் குழப்புகிறது.

வலப்பக்கம் 900 பிக்சல் வெட்டி, அதே 3:2 விகிதத்தில் வைத்தால் 5100×3400 மிஞ்சும். 18 அங்குல அகலத்தில் பிரின்ட் போட்டால் ஓர் அங்குலத்துக்கு 283 பிக்சல், தரத்துக்குப் போதும். சிக்கல் வேறு. கடலுக்குள் போகும் கயிறு பாதியில் அறுகிறது. இழுப்பவர்களின் தோள்களில் விழும் பொன்னிற விளிம்பொளி எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் போகிறது. கீற்றுக்கு நேரெதிரே, இடது கீழே ஒருவரின் சாரத்தில் விழுந்த பச்சை வட்டமும் அப்படியே நிற்கிறது. கீற்று இருக்கும்வரை அதற்கு ஒரு காரணம் உண்டு, வெட்டினால் வெறும் கறைதான்.

பச்சை வட்டத்தை மட்டும் நீக்கிக் கீற்றை விடலாமா, அல்லது கயிற்றை இழந்தாலும் மூலையை வெட்டவேண்டுமா?