புதுப்பிப்பு: ரெண்டு பக்க பிரிண்ட்ல பின்பக்கம் தலைகீழா வந்தது சரியாயிடுச்சு

நான் கேட்டது: "மாங்கூழ் ஸ்டாக் லிஸ்ட், ஏ4 படுக்கைவாட்டுல, ஆட்டோ டூப்ளெக்ஸ்ல போட்டா பின்பக்கம் மட்டும் தலைகீழா வருது, ஏன்?"

எல்லாருக்கும் நன்றி. தர்மபுரி அண்ணன் சொன்னதுதான் வேலை செஞ்சது. நாங்க இடது ஓரத்துல பின் அடிச்சு நோட்டு மாதிரி புரட்டுறோம், படுக்கைவாட்டுத் தாள்ல அந்த ஓரம்தான் குட்டை, செட்டிங் நீள ஓரத்துல இருந்ததால காலண்டர் மாதிரி மேல தூக்கிப் புரட்டினா மட்டும் நேரா இருந்துச்சு. Flip on Short Edge மாத்துனதும் சரியாயிடுச்சு. ட்ரேல தாளைத் திருப்பி வைன்னு ஒரு தம்பி சொன்னாரு, வெச்சுப் பாத்தேன், ரெண்டு பக்கமும் சேந்தே திரும்புது, பிரயோஜனமில்ல. கையால திருப்பிப் போடுற பிரிண்டர் வெச்சிருக்க அக்கா, உங்களுது வேற கதைக்கா.

எதிர்பாக்காதது: கடைசி ரெண்டு பக்கம் நெட்டுவாக்குல இருந்துச்சு, இப்ப அது தலைகீழாயிடுச்சு! அதை மட்டும் நீள ஓரம் வெச்சுத் தனியா எடுத்தேன். ஒரே தடவையில ரெண்டையும் எடுக்க வழி இருந்தா சொல்லுங்க.